அறுபதாம் கல்யாண குரூப் போட்டோ: அம்மாவின் கண்

திவ்யா: திருக்கடையூர் குரூப் போட்டோவில் ஒரு சிக்கல். தொடர்ச்சியாக எடுத்ததில் 4415-ஆம் படம்தான் நன்றாக வந்திருக்கிறது. பதினைந்து பேரில் பதினான்கு பேர் நேராகப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் கண் மூடிவிட்டது. 4416-இல் திறந்திருக்கிறது, ஆனால் அப்பா ஐயர் பக்கம் திரும்பிவிட்டார். முரளி, அம்மாவின் முகத்தை மட்டும் மாற்ற முடியுமா?

கார்த்தி: முகம் எதற்கு? 4416-இல் இருந்து ரெண்டு கண்ணையும் வெட்டி ஒட்டினால் போதும். Snapseed-இல் Double Exposure போட்டு நானே செய்துவிடுவேன்.

முரளி: செய்யலாம் கார்த்தி, அந்த வழி வேலை செய்யும். ஆனால் கண் மூடும்போது எப்போதும் இமை மட்டும் இறங்குவதில்லை. புருவமும் கொஞ்சம் இறங்கலாம், கன்னம் மேலே ஏறலாம். இறங்கிய புருவத்துக்குக் கீழே விரிந்த கண்ணை வைத்தால் பெரியம்மா திடுக்கிட்ட மாதிரி தெரிவார்கள். நெற்றி முடியில் இருந்து தாடை வரை ஒரே துண்டாக எடுக்கணும்.

முரளி: இன்னொன்று, 4416 வேண்டாம். பெரிதாக்கிப் பார், இமை பாதிதான் ஏறியிருக்கும். தூக்கக் கலக்கம் போல இருக்கும்.

திவ்யா: ஆமாம்! சின்னதாகப் பார்க்கும்போது திறந்த கண் மாதிரிதான் இருந்தது.

முரளி: இமை சட்டென்று மூடும், திறக்கத்தான் நேரம் எடுக்கும். ஒரு இமைப்பு முழுசாக முடிய நொடியில் பத்தில் ஒரு பங்கில் இருந்து நான்கு பங்கு வரை ஆகும். அந்தக் கேமரா நொடிக்கு எட்டு படம் எடுத்தது என்றால், ஒரே இமைப்பு மூன்று, நான்கு படம் வரை தின்றுவிடும். அதனால் மூடிய படத்துக்கு அடுத்ததைத் தேடாமல் முன்னால் உள்ளதைத் தேடணும். 4413, 4414 இரண்டையும் அனுப்பு அக்கா. 4415-ஐயும் சேர்த்து, எல்லாவற்றையும் டாக்குமெண்டாக அனுப்பு. போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அமுக்கிவிடும், புடவைச் சரிகை எல்லாம் மசமசவென்று ஆகிவிடும்.

சுந்தரம் மாமா: முரளி, என் கல்யாண போட்டோவிலும் அப்பாவுக்குக் கண் மூடித்தான் இருக்கிறது. 1984-இல் எடுத்தது. அப்பாவின் வேறு போட்டோ நிறைய இருக்கிறது, அதில் இருந்து கண்ணை எடுத்து வைத்துத் தருவாயா?

முரளி: மாமா, வேறு நாளில் எடுத்த படம் ஒட்டாது. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது எல்லாமே வேறாக இருக்கும். அன்றைக்கு அதே இடத்தில், அதே நிற்பில் எடுத்த இன்னொரு படம் இருந்தால் சொல்லுங்கள். அந்தக் காலத்திலும் குரூப் போட்டோ என்றால் ரெண்டு தடவை அடிப்பது உண்டு. நெகட்டிவ் இருக்கிறதா?

சுந்தரம் மாமா: டிரங்குப் பெட்டியில் ஒரு கவர் இருந்தது. தேடுகிறேன்.

வசந்தா பெரியம்மா: எதற்கு இவ்வளவு பாடு? நான் அப்போது அபிராமியை நினைத்துக்கொண்டு நின்றேன். கண் மூடியிருந்தால் என்ன?

திவ்யா: அம்மா, கூடத்தில் மாட்டப்போகிற படம் அது. படங்களை அனுப்பிவிட்டேன் முரளி.

முரளி: வந்துவிட்டது. 4414-இல் கண் திறந்திருக்கிறது, ஆனால் பெரியம்மா இடது பக்கம் மொபைலில் எடுக்கிறவரைப் பார்க்கிறார்கள். மற்ற பதினான்கு பேரும் ஒரு பக்கம், அவர்கள் மட்டும் வேறு பக்கம் என்றால் கண்ணை உறுத்தும். 4413-தான் சரி, நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள்.

கார்த்தி: அப்படியானால் 4413-ஐயே முழுசாக வைத்துக்கொள்ளலாமே?

திவ்யா: அதில் அப்பா மாலையைச் சரிசெய்கிறார். குட்டி கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறான்.

(மாலை)

முரளி: போட்டோஷாப்பில் 4415 கீழே, 4413 மேலே வைத்து Edit > Auto-Align Layers கொடுத்தேன். மண்டபத் தூண்கள் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்திவிட்டன. பெரியம்மாவின் முகம் பொருந்தவில்லை. கேமரா ஆடியதைத்தான் அது சரிசெய்யும், தலை நகர்ந்ததை நாம்தான் பார்த்துக்கொள்ளணும். மேல் லேயரை Difference-இல் போட்டால் ஒத்துப்போகிற இடம் கறுப்பாகும். மூக்குத்தியும் உதட்டோரமும் கறுப்பாகிற வரை நகர்த்தினேன். அப்புறம் லேயரைத் திரும்ப Normal-க்கு மாற்றிவிட்டு, Alt-ஐ அழுத்திக்கொண்டு மாஸ்க் போட்டால் மேல் படம் முழுசாக மறைந்துவிடும். வெள்ளைப் பிரஷ்ஷால் முகத்தை மட்டும் வெளியே கொண்டுவரணும்.

கார்த்தி: எனக்கு போட்டோஷாப் இல்லையே அண்ணா.

முரளி: GIMP காசில்லாமல் கிடைக்கும், அதிலும் லேயர் மாஸ்க்கும் Difference-உம் உண்டு. பொருத்துவதை மட்டும் கையால் செய்யணும். ஸ்டேட்டஸில் போட மட்டும் என்றால் உன் Snapseed போதும். கூடத்தில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போடும்போது விரலால் பொருத்தியது காட்டிக்கொடுத்துவிடும்.

முரளி: [படம்]

திவ்யா: அருமை! ஆனால் அம்மாவின் முகம் மட்டும் பவுடர் போட்ட மாதிரி வெளுப்பாக இருக்கிறதே?

முரளி: பிளாஷ் வேலை அது. வேகமாகத் தொடர்ந்து அடிக்கும்போது பிளாஷுக்கு சார்ஜ் ஏற நேரம் போதாது. அதனால் 4413-ஐ விட 4415 கொஞ்சம் மங்கல். முகத்துக்கு மட்டும் ஒரு Curves போட்டு வெளிச்சத்தை இறக்குகிறேன். முகத்தைக் கழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சரியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வசந்தா பெரியம்மா: என் இடது காதில் ரெண்டு ஜிமிக்கி தொங்குகிறது பார்.

முரளி: சரியாகப் பிடித்தீர்கள் பெரியம்மா. ரெண்டு படத்துக்கும் நடுவில் ஜிமிக்கி ஆடியிருக்கிறது. பிரஷ் காது வரை போனதால் 4413-இன் ஜிமிக்கி பாதி வந்துவிட்டது, பழையதும் அப்படியே நிற்கிறது. மாஸ்க்கைக் கன்னத்தோடு நிறுத்திக் காதைப் பழைய படத்திலேயே விட்டுவிட்டால் சரியாகிவிடும். நல்லவேளை, தலை அதிகம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் காது, ஜிமிக்கி, கொண்டை, பூ எல்லாவற்றையும் சேர்த்துத் தலையோடு எடுக்க வேண்டியிருக்கும். அப்போது மாலைக்கு மேலே கழுத்தில் ஒட்டு போடணும், அதுதான் கஷ்டம்.

கார்த்தி: அடுத்த தடவை தொடர்ச்சியாக முப்பது படம் அடிக்கச் சொல்லிவிடலாம்.

முரளி: ஒரே மூச்சில் முப்பது அடித்தாலும் சில நொடியில் முடிந்துவிடும். அதே இமைப்புதான் அடுத்தடுத்த படங்களிலும் விழும். இடைவெளி விட்டு எடுப்பதுதான் நல்லது. ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் இதற்கு ஒரு கணக்கே போட்டு, வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசை 2006-இல் வாங்கினார்கள். இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகு, மங்கிய வெளிச்சத்தில் இரண்டால் வகு. அத்தனை படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோருக்கும் கண் திறந்திருக்க நல்ல வாய்ப்பு. நமக்கு மண்டபத்தில் ஏழெட்டு படம்.

சுந்தரம் மாமா: நெகட்டிவ் கவர் கிடைத்துவிட்டது முரளி! அதே வரிசையில் அடுத்தடுத்து ரெண்டு இருக்கிறது. ரெண்டாவதில் அப்பாவுக்குக் கண் திறந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, முகமெல்லாம் கறுப்பாக இருக்கிறது.

முரளி: நெகட்டிவில் அப்படித்தான் மாமா தெரியும். கையால் தொடாமல் ஓரத்தைப் பிடித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்கேன் செய்து பார்க்கிறேன்.

வசந்தா பெரியம்மா: கூடத்தில் எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள். ஆல்பத்தில் கண் மூடிய படம்தான் இருக்கணும்.

திவ்யா: அம்மா, ஆல்பத்திலும் திறந்த கண்தான் அழகு. அப்பா வந்து சொல்லட்டும்.

முரளி: ரெண்டு ஃபைலும் தனித்தனியாக வைத்திருக்கிறேன், பேசி முடிவு செய்யுங்கள். ஜிமிக்கியைச் சரிசெய்துவிட்டு ராத்திரி டாக்குமெண்டாக அனுப்புகிறேன்.