உவர்மலை ஒழுங்கை குழு: வட்டியில்லாத் தவணைக்கு ஒரு பிரிட்ஜ்

சுகந்தி 6:52
ஏகாம்பரம் வீதியில ஒரு கடையில பிரிட்ஜ் பாத்தனான். 180,000. கிரெடிட் காட்டுக்கு 12 மாசம், மாசம் 15,000, வட்டி இல்லையாம். எடுக்கலாமோ?

நிரோஷன் 6:54
வட்டி இல்லையெண்டா யோசிக்காம எடுங்கோ அக்கா. பிரிச்சுக் கட்டுறது சுகம்தானே.

தவராசா மாமா 6:59
பிள்ளை, அதே பிரிட்ஜ் கைக்காசுக்கு என்ன விலை எண்டு கேட்டனீங்களோ? காட்டை வெளிய எடுக்க முதல் கேக்க வேண்டிய கேள்வி அது. வங்கிக்கும் ஒருக்கா எடுத்து, தவணைக்கு மாத்திறதுக்கு என்ன கட்டணம் எண்டு கேளுங்கோ.

மங்கை மாமி 7:03
நகையை அடகு வைச்சா எவ்வளவு தருவாங்கள் இப்ப?

நிரோஷன் 7:04
மாமி, இது காட் தவணை. அடகு இல்லை.

சுகந்தி 7:31
கேட்டன் மாமா. கைக்காசெண்டா 168,000க்குத் தருவினமாம், தவணைக்கு அந்தக் கழிவு இல்லையாம். வங்கியில செயன்முறைக் கட்டணம் 5 வீதம், ஒரே ஒருக்காத்தான் எண்டினம்.

தவராசா மாமா 7:38
அந்த 5 வீதம் முழு 180,000க்கும். அது 9,000. கையை விட்டுப்போற கழிவு 12,000. ரெண்டும் சேந்து 21,000. 168,000 பெறுமதியான சாமானுக்கு நீங்கள் 189,000 கட்டுறீங்கள்.

நிரோஷன் 7:41
21,000ஐ 168,000ஆல பிரிச்சா 12.5 வீதம். பரவாயில்லையே மாமா, லோன் எடுத்தா இதைவிடக் கூட வருமே?

தவராசா மாமா 7:49
உம்மட கணக்கு பாதிதான் சரி தம்பி. அந்த 168,000 முழுசா 12 மாசமும் கடனா நிண்டா 12.5 தான். ஆனா மாசாமாசம் குறைஞ்சுகொண்டு வருது. முதல் மாசம் 168,000 கடன், கடைசி மாசம் நிக்கிறது 14,000 மட்டும். நடுவை எடுத்தா சராசரிக் கடன் 91,000. 21,000ஐ 91,000ஆல பிரிச்சுப் பாரும்.

நிரோஷன் 7:51
23 வீதம்!

தவராசா மாமா 7:56
ஓம். வங்கியில குறைஞ்சு செல்லும் மீதிக்குத் தாற லோன் வீதத்தை இந்த 23ஓட ஒப்பிட வேணும், 12.5ஓட இல்லை. கடைக்காரரையும் குறை சொல்லேலாது. தவணை விற்பனையில வங்கி தன்ர பங்கைக் கழிச்சுத்தான் கடைக்குக் காசு குடுக்கும். பிறகெப்பிடி அவர் கழிவு தாறது? 2013இலயே இந்திய ரிசர்வ் வங்கி, பூச்சிய வட்டித் திட்டங்களில வட்டி செயன்முறைக் கட்டணத்துக்குள்ள ஒளிச்சு வருது எண்டு தங்கட வங்கிகளுக்கு எழுதினது. அந்தச் சுற்றறிக்கை எங்களைக் கட்டுப்படுத்தாது, கணக்கு ஒண்டுதான்.

பர்வீன் டீச்சர் 8:05
எல்லாத்தையும் அப்படிச் சொல்லேலாது. எங்கட மகனுக்குப் போன் 3 மாசத் தவணைக்கு எடுத்தது. கைக்காசுக்கும் அதே விலை, கட்டணமும் இல்லை. பில்லிலயும் ஒண்டும் ஏறல்ல.

தவராசா மாமா 8:09
அது உண்மையான பூச்சியம் டீச்சர். கைக்காசுக்குக் கழிவு இருக்கோ, வங்கிக் கட்டணம் இருக்கோ எண்ட ரெண்டு கேள்விக்கும் "இல்லை" வந்தா எடுக்கிறதில பிழையில்லை.

இன்னொண்டு சுகந்தி. அந்த 9,000 பிரிஞ்சு வராது, முதல் பில்லிலயே முழுசா விழும். அந்த மாசம் 15,000 இல்லை, 24,000. வழமைபோல 15,000 மட்டும் கட்டினா மிச்ச 9,000 சாதாரண காட் கடனாகி வட்டி ஓடத் தொடங்கும். அந்தக் காட்டில வாங்கின மளிகைச் சாமானுக்கும் வட்டியில்லா நாள் இல்லாமப் போகும். முதல் பில் வந்த கையோட 'மொத்தம் செலுத்த வேண்டியது' எண்ட வரியைப் பாருங்கோ, 'குறைந்தபட்சம்' எண்ட வரியை இல்லை.

சுகந்தி 8:14
பிரிட்ஜ் பழுதெண்டு திருப்பிக் குடுத்தா?

தவராசா மாமா 8:17
கடை காசைத் திருப்பி அனுப்பி, வங்கி தவணையை நிப்பாட்டும் வரைக்கும் பில் வரும். கட்டணம் திரும்புமோ எண்டதை இப்பவே கேட்டு, பதிலை மின்னஞ்சலில எடுத்து வையுங்கோ.

சுகந்தி 8:21
என்னட்டக் கையில 120,000 இருக்கு. அதைக் காசாக் குடுத்து மிச்ச 48,000ஐ மட்டும் காட்டில போட்டா, கைக்காசு விலைக்கே விடுவினமோ?

தவராசா மாமா 8:24
அப்படி விட்டா கட்டணம் 2,400 மட்டும்தான். ஆனா சில கடை, காட் பட்டாலே கழிவைத் தூக்கிப்போடும். நாளைக்குக் கேட்டிட்டு இங்க போடுங்கோ.

மங்கை மாமி 8:26
நகைக்கும் இதே மாதிரி 23 வருமோ தவராசா?

தவராசா மாமா 8:27
அடகில மாசாமாசம் முதல் குறையாது மாமி. அதுக்கு இந்தச் சராசரிக் கணக்கு பொருந்தாது. சீட்டைப் படமெடுத்து அனுப்புங்கோ, பாப்பம்.