ஒரு ஆளுக்குச் சோறு வெச்சா அடிப்பிடிக்குது, தண்ணி அளவு சரிதான்

ஒத்தைத்தட்டு:
தனியா இருக்கேன். கால் கப் அரிசி போட்டா தினமும் அடியில கருகுது, மேல அரைவேக்காடு. தண்ணி அளவு சரியாத்தான் ஊத்தறேன். அரை கப் அரிசி போட்டா நல்லா வருது, ஆனா பாதியைக் கொட்ட வேண்டியிருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, ராத்திரி சமைக்கணும்.

வெந்தயக்கண்ணு:
என்ன பாத்திரம்? எவ்வளவு அகலம்? மூடி இருக்கா? கேஸா, கரண்ட் அடுப்பா? "சரியா"ன்னா எவ்வளவு தண்ணி? இதெல்லாம் சொல்லாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

பழைய கரண்டி:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. புதிதாக வருபவர்கள் ஒரு முறையாவது தேடிப் பார்க்கலாம். ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர். கால் கப் என்றால் அரை கப். இதில் குழம்ப என்ன இருக்கிறது? அடுப்பைக் குறைத்து வைத்துப் பக்கத்தில் நின்றால் கருகாது.

சாம்பல் பூசி:
கருகின பாத்திரத்துக்குக் கவலைப்படாதீங்க. தண்ணி ஊத்தி ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க, ஆறினதும் மரக்கரண்டியால தள்ளினா ஏடா வந்துடும். அலுமினியப் பாத்திரத்துல மட்டும் செய்யாதீங்க, கறுத்துடும்.

வெந்தயக்கண்ணு:
அவர் கழுவறதைக் கேட்கலையேங்க.

ஒத்தைத்தட்டு:
கேஸ் அடுப்பு, பெரிய பர்னர். மெல்லிசான எவர்சில்வர் பாத்திரம், வாய் 20 செ.மீ. இருக்கும். மூடி வேற பாத்திரத்தோடது, சரியா உட்காராது. தண்ணி அரை கப், மேலே சொன்ன அதே கணக்குதான்! அதுலதான் கருகுது.

மூடிக்காரன்:
இப்பத்தான் விஷயம் வெளியே வருது.

ஊத்தற தண்ணி ரெண்டு வேலைக்குப் போகுது. ஒண்ணு அரிசி குடிக்கறது. அது ஏறக்குறைய அரிசியோட அளவு, குழைவா வேணும்னா கொஞ்சம் கூட. இன்னொண்ணு ஆவியாப் போறது. ஆவிக்கு அரிசி எவ்வளவு இருக்குன்னு தெரியாது. தீயோட வேகம், மூடி எவ்வளவு கசியுது, எத்தனை நிமிஷம் கொதிக்குது, இதையெல்லாம் வெச்சுத்தான் அது போகும். அரிசியைப் பாதியாக்கினா குடிக்கற தண்ணி பாதியாகும், ஆவியாகற தண்ணி அப்படியே நிக்கும். ஒண்ணுக்கு ரெண்டுங்கற கணக்கு சின்ன அளவுல சறுக்கறது இதனாலதான்.

உங்க பாத்திரத்தையே எடுத்துக்குங்க. அரை கப்னா 120 மில்லி. 20 செ.மீ. அகலத்துல அதைப் பரப்பினா நாலு மில்லிமீட்டர் ஆழம்கூட வராது. அரிசியே மேல துருத்திட்டு நிக்கும். அடி சுடும், மேல வேகாது. அதே தண்ணியை 12 செ.மீ. பாத்திரத்துல ஊத்தினா ஒரு செ.மீ. நிக்கும், அரிசி மூழ்கும்.

இன்னிக்கு ராத்திரி சமைக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை செய்யுங்க. அரிசி இல்லாம, ஒரு கப் தண்ணியை அதே பாத்திரத்துல, அதே மூடி போட்டுக் கொதிக்க விடுங்க. கொதி வந்ததும் வழக்கமா வைக்கற தீயில 12 நிமிஷம். ஆறினதும் அளந்து பாருங்க. குறைஞ்சது எவ்வளவோ அதுதான் உங்க அடுப்போட கூலி.

தட்டடுப்பு:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா இண்டக்‌ஷன். பாத்திரம் சின்னதுதான், மூடியும் சரிதான். குறைச்சு வெச்சா ஒரு நேரம் பொங்குது, ஒரு நேரம் அடங்குது. நடுவுல மட்டும் வட்டமா கருகுது.

மூடிக்காரன்:
பல இண்டக்‌ஷன் அடுப்புல குறைந்த சூடுன்னா முழு சூட்டை விட்டு விட்டுத் தர்றதுதான். அடி மெல்லிசா இருந்தா ஒவ்வொரு முறையும் அந்த வட்டம் அப்படியே காயும். அடி கனமான பாத்திரம் வெச்சுப் பாருங்க.

பத்துப்பாத்திரம்:
எதுக்கு இவ்வளவு கணக்கு? குக்கர்ல ரெண்டு விசில் விட்டா முடிஞ்சுது.

வெந்தயக்கண்ணு:
பெரிய குக்கர்ல கால் கப் அரிசியை நேரா போட்டா விசில் வர்றதுக்குள்ளயே தண்ணி காலி. அடியில தண்ணி ஊத்தி, உள்ளே ஒரு கிண்ணத்துல அரிசி வெச்சாத்தான் சரிப்படும். சுத்தி தண்ணியும் ஆவியும் இருக்கறதால கிண்ணம் கருகாது. குக்கருக்குக் குறைந்தபட்சம்னு சொல்லியிருக்கற தண்ணி மட்டும் அடியில இருக்கணும்.

பெட்டியில் போடு:
தினமும் கால் கப் வைக்கறதே தப்பு. ஒரு கப் வெச்சு நாலு நாளைக்கு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்குங்க. கேஸும் மிச்சம், கருகவும் கருகாது.

பழைய கரண்டி:
நான்கு நாள் சோறா? சாப்பாடு என்றால் சூடாக, அன்றன்றைக்கு. இதெல்லாம் சோம்பேறித்தனம்.

பெட்டியில் போடு:
காலையில போய் ராத்திரி வர்றவங்க கிட்ட சொல்லிப் பாருங்க. கொட்டறது மட்டும் நல்ல பழக்கமா?

மூடிக்காரன்:
சேர்த்து வைக்கறது தப்பில்லை. ஆனா ரெண்டு விஷயம். சோத்துல வர்ற ஒரு வகைக் கிருமியோட வித்து கொதிக்க வெச்சாலும் சாகாது. வெளியே மணிக்கணக்கா கிடந்தா முளைச்சு நஞ்சு விடும், அது திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால தட்டுல பரப்பிச் சீக்கிரம் ஆற விட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள உள்ளே வெச்சுடணும். ஃப்ரிட்ஜ்ல வெச்சதை மறுநாள் முடிச்சுடறது நல்லது. நாலு நாள்னா ஃப்ரீசர்தான். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம்னு தட்டையா வைங்க, சூடு பண்ணும்போது ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிங்க. ஃப்ரிட்ஜ்லதான் சோறு விறைக்கும், ஃப்ரீசர்ல அவ்வளவா விறைக்காது.

பெட்டியில் போடு:
எங்க வீட்ல இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை.

வெந்தயக்கண்ணு:
எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சரி, கேட்டவர் எங்கே போனார்?

ஒத்தைத்தட்டு:
வந்துட்டேன். சோதனை பண்ணினேன். ஒரு கப்ல அரை கப்புக்குக் கொஞ்சம் மேலயே போயிடுச்சு! அப்ப நான் ஊத்தற அரை கப் முழுசும் ஆவிக்கே போயிருக்கு, அரிசிக்கு ஒண்ணும் மிச்சமில்லை. டீ போடற சின்னப் பாத்திரம் ஒண்ணு இருக்கு, வாய் 12 செ.மீ., தட்டு போட்டா நல்லா மூடுது. சின்ன பர்னர்ல வெச்சு அதையும் அளந்தேன், 40 மில்லிதான் குறைஞ்சுது.

மூடிக்காரன்:
அப்ப கால் கப் அரிசிக்கு 60 மில்லி குடிக்க, குழைவுக்கு 15, ஆவிக்கு 40. மொத்தம் 115. அரிசியை இருபது நிமிஷம் ஊற வைங்க. தீ பாத்திரத்தோட அடியைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டக் கூடாது, நீட்டினா ஓரம் கருகும். காதைக் கொடுத்துக் கேளுங்க. தளபுளன்னு கொதிக்கற சத்தம் மாறி சிடுசிடுன்னு கேட்டா அடியில தண்ணி தீர்ந்துடுச்சு, உடனே அணைக்கணும். திறக்காம பத்து நிமிஷம் விடுங்க, ஒட்டினதும் ஈரம் ஏறி விட்டுக்கொடுக்கும்.

பழைய கரண்டி:
115 என்றால் அரை கப்தானே ஐயா? நான் சொன்ன கணக்குத்தானே வந்திருக்கிறது?

மூடிக்காரன்:
இந்தப் பாத்திரத்துல, இந்த அளவுக்கு வந்திருக்கு. இதே பாத்திரத்துல முக்கால் கப் அரிசி போட்டு ஒண்ணுக்கு ரெண்டு ஊத்துங்க, கஞ்சிதான் வரும்.

பழைய கரண்டி:
எனக்குக் கஞ்சி வந்ததில்லை.

ஒத்தைத்தட்டு:
வெச்சாச்சு. கருகலை. கொஞ்சம் குழைஞ்சுது, நாளைக்கு ஒரு ஸ்பூன் குறைக்கணும். எல்லாருக்கும் நன்றி, பசிக்குது.

தட்டடுப்பு:
கனமான பாத்திரம் வெச்சேன். வட்டம் மங்கியிருக்கு, ஆனா முழுசா போகலை. வேற யாருக்காவது இண்டக்‌ஷன்ல சரியா வருதா?