கிரீன் டீயும் முண்டு மிளகாயும்: மூன்று மாத அனுபவம்

கீழக்கரை உறுப்பினர்:
என் எடை 71 கிலோவிலேயே நின்றதால், நாளொன்றுக்கு மூன்று கோப்பை கிரீன் டீ குடிக்கத் தொடங்கினேன். கசப்பு பொறுக்காமல் கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டித் தேன் கலந்தேன். காரம் கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி, மீன் குழம்பில் முண்டு மிளகாயையும் கூட்டினேன். மூன்று மாதம் கழித்து எடை 72.5 கிலோ. வேறு எவருக்கேனும் இவ்வாறு நேர்ந்ததுண்டா?

தேவிபட்டினம், கருவாட்டு வணிகர்:
காரம் வேலை செய்யத்தான் செய்கிறது, தங்கச்சி. நண்டுக் குழம்பு உண்டு எழுந்தால் என் சட்டையே நனைந்துவிடும். உள்ளே ஏதோ எரியாமல் அவ்வளவு வேர்வை வருமா?

ராமநாதபுரம், உணவியல் ஆலோசகர்:
அண்ணன் சொல்வதில் பாதி சரி. மிளகாயிலுள்ள கேப்சைசின், வெப்பத்தை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால், உடல் சூடேறியதாக எண்ணித் தன்னைக் குளிர்விக்க வேர்க்கிறது. வெளியேறுவது நீரே தவிரக் கொழுப்பு அன்று. உண்மையில் கூடுதலாகச் செலவாகும் ஆற்றலும் உண்டு, ஆனால் மிகச் சிறிது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுடன் ஒரு கிராம் மிளகாய்த் தூள் உண்டவர்களுக்கு நாலரை மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கலோரிதான் கூடியது. பசி சற்று அடங்கியதும் காரம் பழகாதவர்களுக்கு மட்டுமே. சிறு வயது முதல் முண்டு மிளகாயில் வளர்ந்த நமக்கு அதை எதிர்பார்ப்பதற்கில்லை. குழம்பு காரமானால் நம் வீடுகளில் இன்னொரு கரண்டிச் சோறு இறங்குவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன், அதிலேயே அந்தப் பத்து கலோரி பலமுறை அடிபட்டுப் போகும்.

கிரீன் டீக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் 1999ஆம் ஆண்டு ஆய்வில், பத்து இளைஞர்களுக்குத் தேயிலைச் சாறு கொடுத்தபோது நாளுக்கு 80 கலோரி அளவு கூடியது. அதே பயன் உங்களுக்கு முழுமையாகக் கிடைத்தது என்றே கொள்வோம். ஒரு தேக்கரண்டித் தேனில் சுமார் 20 கலோரி. நீங்கள் நாளுக்கு ஆறு கரண்டி சேர்த்தீர்கள், அதாவது 120. கணக்கு உங்களுக்கு எதிராகவே முடிகிறது, சகோதரி.

ஏர்வாடி உறுப்பினர்:
எனக்கு வயிற்றுப்புண் இருக்கிறது. முண்டு மிளகாயை அறவே விட்டுவிட வேண்டுமா?

பாம்பன் உறுப்பினர்:
கோப்பை பயனளிக்கவில்லை என்று மாத்திரைக்கு மாற எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேயிலைச் சாறு அடைத்த மாத்திரைகளை இரண்டு மாதம் உட்கொண்டேன். சிறுநீர் அடர்மஞ்சளாகி, கண்களும் மஞ்சளித்தன. இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் மிகுதியாக இருந்தன. நிறுத்திய ஆறு வாரங்களில் அவை இறங்கின. அப்போது வேறொரு மூலிகைப் பொடியும் உண்டதால், காரணம் எது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை.

ராமநாதபுரம், உணவியல் ஆலோசகர்:
இரண்டையும் நிறுத்தியது நல்லது. வெந்நீரில் ஊறவைத்த தேநீர் வேறு, செறிவூட்டிய சாறு வேறு. அச்சாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. ஏர்வாடிச் சகோதரர் புண்ணுக்கு மருத்துவரிடம் காட்டுங்கள், இங்கே பேசுவது எடையைப் பற்றி மட்டுமே.

கீழக்கரை உறுப்பினர்:
தேனை நிறுத்தி ஐந்து வாரமாகிறது. இன்று காலை 71.6 கிலோ. நாளுக்கு நாள் உடல்நீரால் ஏறி இறங்குவதும் இதில் சேர்ந்திருக்கலாம். சோற்றை அளக்காமல் விட்டுவிட்டேன், ஆகவே அடுத்த மாதம் அதையும் அளந்து எழுதுகிறேன்.