முகவரியைக் கூறுபோடுவதற்கு என்ன சொல்?

கதிர்வேல், கொழிஞ்சாம்பாறை

வணக்கம். உறையில் கையால் எழுதிய முகவரியைப் படித்துப் பெயர், தெரு, ஊர், பின்கோடு எனத் தனித்தனிக் கட்டங்களில் இடும் நிரலுக்குத் தமிழில் உதவிப்பக்கம் எழுதுகிறேன். 'முகவரிப் பிரிப்பு' என்று போட்டேன். தபால்காரராக இருந்த மாமா, "பிரிப்புன்னா தபாலை ஊர்வாரியாப் பிரிக்கிறதுல்ல?" என்கிறார். வேறு சொல் வேண்டும். மாதிரிக்கு ஓர் உறை, ஆள் பெயர்களை மாற்றியிருக்கிறேன்:

சி. வேலுச்சாமி
த/பெ சின்னான்
மேட்டுக்களம், சித்தூர் ரோடு
கொழிஞ்சாம்பாறை அஞ்சல், சித்தூர்
தாலுக்கா, பாலக்காடு
678555

நிரல் இதில் ஊர் என்று சித்தூரை எடுத்துக்கொண்டது.

அமுதா, சித்தூர் (ஆந்திரா)

தம்பி, தபால் தப்பிப் போவதைத்தானே கேட்கிறீர்கள்? என் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை எங்களுக்கு வரவேண்டியது, உங்கள் கேரளச் சித்தூரைச் சுற்றிவிட்டுக் கல்யாணம் முடிந்த பிறகு வந்தது. உறையில் வெறும் 'சித்தூர்' மட்டும்தான், பின்கோடு இல்லை. இதற்கு ஒரு சொல் கண்டுபிடியுங்கள் முதலில்!

ரஹீம்

இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. பின்கோட்டை முதலில் படியுங்கள், பட்டியலில் பாருங்கள், ஊர் வந்துவிடும். 'பின்கோடு வழி அறிதல்' என்றே பெயர் வைக்கலாம்.

செல்வநாயகி

ரஹீம் சொல்வதில் பாதி சரி. கடைசி வரியிலிருந்து மேலே போவதுதான் நல்ல வழி. எண்கள் பத்தே வடிவம், ஊர்ப்பெயரைவிடப் படிக்க எளிது. அமெரிக்க அஞ்சல் துறைக்காக பஃபலோ பல்கலைக்கழகத்தில் செய்த கையெழுத்து முகவரி வாசிப்பும் அஞ்சல் எண்ணைக் கொண்டுதான் தெருப்பெயர்களைச் சிறு பட்டியலாகக் குறுக்கியது. ஆனால் ஒரு பின்கோட்டின் கீழ் பல அஞ்சலகங்கள் இருக்கும். அதனால் எண் ஊரைச் சொல்லாது, எந்தெந்த ஊர்களுக்குள் தேடவேண்டும் என்று மட்டும் சொல்லும்.

எண்ணும் சந்தேகமாக இருக்கலாம். கதிர்வேலின் உறையில் முதல் இலக்கத்தின் வயிறு சரியாக மூடவில்லை என்று வையுங்கள். 6 என்பதற்கு 0.6, 5 என்பதற்கு 0.4 மதிப்பு வருகிறது. அங்கேயே 5-ஐத் தள்ளிவிடக் கூடாது, இரண்டையும் வைத்துக்கொண்டு மேல்வரியைப் படிக்கவேண்டும். 'பாலக்காடு' என்று படித்ததும் 5 விழுந்துவிடும், கேரளத்துப் பின்கோடுகள் 67, 68, 69-இல்தான் தொடங்கும். எண் ஊரைத் திருத்துகிறது, ஊர் எண்ணைத் திருத்துகிறது.

அமுதா அக்காவின் இரண்டு சித்தூரும் எண் இருந்தால் மாறவே மாறாது. 678101, 517001: நான்கு இடங்களில் வேறுபடுகின்றன, ஓர் இலக்கம் கெட்டுப்போனாலும் ஒன்று மற்றதாகிவிடாது. இந்த மாதிரிக் குழப்பத்துக்காகத்தானே 1972-இல் பின்கோடே வந்தது. எண் இல்லாமல் வெறும் சித்தூர் என்றால், ஊரைக் காலியாக விட்டு ஆள் பார்வைக்கு அனுப்புவதே நேர்மை.

கதிர்வேலின் தவறு வேறு இடத்தில் நடந்திருக்கிறது. தமிழில் ஒரு சொல் இன்னதென்று காட்டும் அடையாளம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும்: சித்தூர் *ரோடு*, கொழிஞ்சாம்பாறை *அஞ்சல்*, சித்தூர் *தாலுக்கா*. த/பெ போன்றவைதான் முன்னால் நிற்கும். அந்தக் கோடு மங்கினால் சின்னானும் பெயர்க் கட்டத்துக்குள் போய்விடுவார். இங்கே சித்தூர் வரியின் கடைசியில், தாலுக்கா அடுத்த வரியின் தொடக்கத்தில். வரிவரியாக வெட்டி அடையாளமிட்டால் சித்தூர் தனியாக நின்று ஊராகிவிடும். கண்டுபிடிப்பதும் எளிது: பெயரில்லாத 'தாலுக்கா' ஒன்று அநாதையாகக் கிடக்கும். வரிகளைச் சேர்த்து, வரி முறியும் இடத்தை ஒரு குறிப்பாக மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

சொல்லுக்கு வருகிறேன். கட்டத்துக்குக் கணினித் தமிழில் 'புலம்' இருக்கிறது, 'முகவரிப் புலப்பகுப்பு' எனலாம்.

கதிர்வேல்

அக்கா, வரிகளைச் சேர்த்ததும் கொழிஞ்சாம்பாறை ஊராக வந்துவிட்டது. நன்றி. ஆனால் 'புலம்' எங்கள் பக்கம் ஒத்துவராது. புல எண் என்றால் நில அளவை எண். சிலர் முகவரியிலேயே அதையும் எழுதுகிறார்கள். 'முகவரிக் கூறிடல்' எப்படி? சந்தையில் கூறு போடுவது எல்லாருக்கும் தெரியும்.

ரஹீம்

கூறிடல் என்றால் சொல்வது என்று படிப்பார்கள். 'முகவரி கூறுக' என்று படிவத்தில் வருமே.

செல்வநாயகி

கூறுதல் வேறு, கூறிடுதல் வேறு. இகரம் பெரும்பாலும் காப்பாற்றும். எனக்குக் கூறிடல் சம்மதம்தான், ஆனால் அப்போது கட்டத்தைக் 'கூறு' என்று சொல்லவேண்டும், 'தெருக்கூறு', 'ஊர்க்கூறு'. அது நாக்கில் உட்காருமா?

அமுதா

உட்காரும். எங்கள் பக்கம் தெருவே இல்லாமல் 4-112/2 என்று கதவு எண் மட்டும் எழுதுவார்கள். அது எந்தக் கூறு?

கதிர்வேல்

தெருக்கூறில்தான் போட்டிருக்கிறேன் அக்கா, மேட்டுக்களமும் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் களத்துப் பெயர், வீட்டுப் பெயர் எழுதுவார்களே தவிரத் தெரு எழுதுகிறவர்கள் குறைவு. ஐந்தாவதாக 'மனைக்கூறு' ஒன்று சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். செல்வநாயகி அக்கா வேண்டாம் என்றால் காரணம் சொல்லுங்கள்.