கிரேடு 3 வயிற்றுப்போக்கைப் பங்கேற்பாளர் தகவல் தாளில் எப்படி எழுதுவது?

மலர்விழி:
புற்றுநோய் மருந்து ஆய்வு ஒன்றின் தகவல் தாளைத் தமிழாக்குகிறேன். பக்கவிளைவுகள் எவ்வளவு கடுமையானவை என்று குறிக்கும் கிரேடு, CTCAE 5.0 அளவுகோல்படி. "நிலை 3: நாளைக்கு 7 முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு, தீவிரமானது" என்று எழுதியிருந்தேன். மறுமொழிபெயர்ப்பு மூலத்தோடு பொருந்தவில்லை என்று நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே பிசகு?

சேகர்:
"7 முறைக்கு மேல்" என்றால் 8-லிருந்துதான் கணக்கு. மூலத்தில் 7-ம் சேரும். "7 முறையோ அதற்கு மேலோ" என்று மாற்றுங்கள், வேலை முடிந்தது.

கமலா:
சேகர் சொன்ன திருத்தம் தேவைதான், ஆனால் அதோடு முடியாது. அந்த 7 மொத்த எண்ணிக்கை இல்லை, வழக்கத்துக்கு மேல் கூடியது. தினமும் 2 முறை போகிறவருக்கு 9-ஆம் முறையில்தான் கிரேடு 3 தொடங்கும். 7 முறை போனால் கூடியது 5, அது கிரேடு 2. இதை விட்டால் பங்கேற்பாளர் தவறாக எண்ணிக்கொள்வார். இப்படி எழுதலாம்:

"நீங்கள் வழக்கமாக மலம் கழிப்பதைவிட நாளொன்றுக்கு 7 முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போவது, அல்லது மருத்துவமனையில் சேர வேண்டியிருப்பது, அல்லது குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்றவற்றை நீங்களே செய்யச் சிரமப்படுவது."

"நிலை 3" வேண்டாம். நம்மூர் நோயாளிகள் "மூணாம் ஸ்டேஜ்" என்று புற்றுநோயைத்தான் நினைப்பார்கள். "தரம்" என்றால் ஒசத்தி, மட்டம் என்று போகும். நான் "கடுமை அளவு 3" என்று வைக்கிறேன்.

"தீவிரமானது" என்பதையும் எடுத்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டிய நிகழ்வுகளுக்கு அதே தாளில் இன்னொரு பத்தி இருக்கும். அங்கேயும் இதே சொல் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். தாங்க முடியாத தலைவலி கடுமையானது, ஆனால் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். உயிராபத்து, மருத்துவமனையில் சேர்ப்பது, நிரந்தர ஊனம், இறப்பு என்று அந்தப் பத்தியில் நேராகவே எழுதுங்கள்.

ஜோசப்:
எங்களுடையது தடுப்பூசி ஆய்வு. காய்ச்சல் 39.5 டிகிரி செல்சியஸ் என்றால் கிரேடு 2 என்று CTCAE பார்த்துப் போட்டோம், மருத்துவர் 3 என்கிறார். வீட்டுத் தெர்மாமீட்டர் வேறு ஃபாரன்ஹீட்டில் இருக்கிறது.

கமலா:
தடுப்பூசி ஆய்வுகள் பெரும்பாலும் வேறு அளவுகோலைப் பின்பற்றும். அமெரிக்க எஃப்டிஏவின் 2007 அட்டவணையில் 39 முதல் 40 வரை கிரேடு 3. உங்கள் ஆய்வுநெறியில் எந்த அட்டவணை என்று பாருங்கள். ஃபாரன்ஹீட்டையும் சேர்த்தே எழுதுங்கள்; 38 என்பது 100.4, அதை 100 ஆக்கிவிடாதீர்கள்.

தர்ஷினி, யாழ்ப்பாணம்:
அந்த உடன் அறிவிக்கும் நிகழ்வுகளுக்கு நாங்கள் "பாரதூரமான" என்று எழுதுவோம். "கடுமையான" என்பதோடு குழம்பாது. வயிற்றுப்போக்கும் எங்களுக்கு வயிற்றோட்டம்.

மலர்விழி:
"பாரதூரமான" மதுரையில் எத்தனை பேருக்குப் புரியும் என்று தெரியவில்லை. தலைப்பாக ஒரு சொல் கட்டாயம் வேண்டும் என்று ஆய்வை நடத்தும் நிறுவனம் கேட்கிறது. மற்றவற்றைத் திருத்தி, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் மறுமொழிபெயர்ப்புக்குக் கொடுக்கிறேன்.