வழங்கல் காலமா, வழங்கல் நாளா? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

மீனாட்சி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்யாண மண்டபம் நடத்துபவர்களுக்கான ஜிஎஸ்டி கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டைம் ஆஃப் சப்ளை’ வரும் இடமெல்லாம் ‘வழங்கல் காலம்’ என்று போட்டிருந்தேன். நேற்று தெரிந்த மண்டப உரிமையாளர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். “வழங்கல் காலம்னா கல்யாணம் நடக்கிற நாள்தானே, அதுக்கு அப்புறம் வரி கட்டினாப் போதும்” என்றார். கையேடு சொல்வது நேர் எதிர்: முன்பணம் வாங்கும்போதே அதற்கு வரி. என் சொல்தான் அவரைக் கவிழ்த்திருக்கிறது. வேறு என்ன போடலாம்?

ஹக்கீம் எழுதியது:

அம்மா, சொல்லை விடுங்கள், விஷயத்திலேயே அவர் சொன்னது சரிதான். அட்வான்சுக்கு வரி என்பதை 2017 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். நான் பீரோ பட்டறை வைத்திருக்கிறேன், பாதிப் பணம் முன்னாடியே வாங்குகிறேன், பில் போடும்போதுதான் வரி கட்டுகிறேன். ஆடிட்டரும் ஒன்றும் சொன்னதில்லை.

சுந்தரேசன் எழுதியது:

ஹக்கீம் பாய், உங்கள் பீரோவுக்கு நீங்கள் செய்வது சரி. 15.11.2017 அன்று வந்த 66ஆம் எண் அறிவிக்கை சரக்குக்கு மட்டும்தான் விலக்குக் கொடுத்தது. சேவைக்குக் கிடையாது, மண்டப வாடகை சேவை.

மீனாட்சி அம்மா, கையேட்டில் கணக்காகவே போட்டுவிடுங்கள். செப்டம்பர் 5 கல்யாணம், வாடகை 2,00,000, வரி 18 சதவீதம், ஆக மொத்தம் 2,36,000. ஜூலை 8 அன்று பெண் வீட்டார் 59,000 முன்பணம் கொடுக்கிறார்கள். அந்த 59,000க்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். 118இல் 18 பங்கு, அதாவது 9,000. இது ஜூலைக் கணக்கு. முன்பணத்துக்கு ஒரு வரவுச் சீட்டு கொடுத்து, ஜூலைக்கான GSTR-1 விவரத்தாளில் 11A அட்டவணையில் காட்டி, ஆகஸ்ட் 20க்குள் GSTR-3Bயோடு கட்ட வேண்டும். செப்டம்பரில் முழு பில் போடும்போது வரி 36,000, அதில் முன்பே கட்டிய 9,000ஐ 11Bயில் கழித்து மீதி 27,000. உங்கள் மண்டபக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் அக்டோபர் 20 அன்று கட்டினால் அந்த 9,000க்கு இரண்டு மாத வட்டி, 18 சதவீதத்தில் ஏறத்தாழ 270 ரூபாய். ஒரு கல்யாணத்துக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒரு சீசனுக்கு நாற்பது முகூர்த்தம்!

வழக்கமாக இது அம்பலமாவது எப்படி என்றால், ஆண்டு முடிவில் பேலன்ஸ் ஷீட்டில் ‘வாடிக்கையாளர் முன்பணம்’ என்று லட்சக்கணக்கில் நிற்கும், 11A காலியாக இருக்கும். தணிக்கைக்கு வருபவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

வேலாயுதம் எழுதியது:

பொருள் விளங்கிவிட்டது. இனிச் சொல்லுக்கு வருவோம். ‘காலம்’ வேண்டாம், ‘பொழுது’ இருக்கிறது. அகப்பொருளில் முதற்பொருள் இரண்டே: நிலமும் பொழுதும். இந்தச் சட்டத்திலும் வழங்கலின் இடம், வழங்கலின் பொழுது என்று இரண்டுதானே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன? ‘வழங்குநிலம்’, ‘வழங்குபொழுது’. வினைத்தொகை என்பதால் வழங்கிய, வழங்குகின்ற, வழங்கும் என மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. முன்பணம் வாங்கும்போது சேவை இன்னும் நடக்கவில்லை, பில் போடும்போது சில சமயம் நடந்து முடிந்திருக்கிறது. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? மாத விவரத்தாளைப் பெரும்பொழுது என்றுகூடச் சொல்லலாம். தவிர, ‘அட்வான்ஸ்’ எதற்கு, அச்சாரம் இல்லையா?

பிலோமினா எழுதியது:

ஐயா, நான் வணிகவியல் பாடம் எடுக்கிறேன். ‘வழங்குபொழுது’ என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் சாயங்காலமா என்று கேட்பார்கள். எங்கள் பொருளியல் பாடத்தில் ‘தேவை, அளிப்பு’ என்றுதான் படிக்கிறார்கள், அதனால் ‘அளிப்பு நாள்’ என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அச்சாரமும் தனித்தமிழ் இல்லை, அகராதியில் பார்த்தால் ‘அச்சகாரம்’ வழியாக வடமொழி ‘சத்தியங்காரம்’ வரை போகிறது.

சுந்தரேசன் எழுதியது:

அச்சாரம் வேண்டாம், வேறு காரணத்துக்காக. மண்டபங்களில் நாற்காலி உடைந்தால் பிடித்துக்கொள்ள என்று 20,000 தனியாக வாங்கி வைப்பார்கள். அது வாடகைக்காக வாங்கிய பணம் இல்லை, வாடகையில் கழிக்காதவரை அதற்கு வரியும் இல்லை. இரண்டையும் ‘அச்சாரம்’ என்று எழுதினால் கையேடு பாழ். ‘முன்பணம்’, ‘பிணைத்தொகை’ என்று பிரித்துவிடுங்கள்.

‘காலம்’ போக வேண்டும் என்பதில் நானும் வேலாயுதம் ஐயா பக்கம்தான். சட்டம் கேட்பது ஒரே ஒரு தேதி. ஜூலை 31 அன்று காசோலை வாங்கிப் பேரேட்டில் எழுதிவிட்டீர்கள், வங்கியில் ஆகஸ்ட் 2 அன்றுதான் வரவாகிறது. இரண்டில் எது முந்தியதோ அதுதான், அதனால் ஜூலை. ஒரு நாள் தள்ளினால் மாதமே மாறும் இடத்தில் ‘பொழுது’ தாங்காது, ‘நாள்’ வேண்டும்.

மீனாட்சி எழுதியது:

அப்படியென்றால் ‘வரி பிறக்கும் நாள்’ என்று நேராகவே சொல்லிவிட்டால் என்ன? மண்டபக்காரருக்குப் பளிச்சென்று புரியும்.

சுந்தரேசன் எழுதியது:

புரியும், ஆனால் சட்டத்தின் 13ஆம் பிரிவு முதல் உட்பிரிவை அதை வைத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். “வரிப் பொறுப்பு, வரி பிறக்கும் நாளில் பிறக்கும்.” சிரிப்பாக இல்லை? வரி பிறக்கும் என்பது விளைவு, இந்தச் சொல் அதற்கு முந்திய படி. இன்னொன்று, பாதிப் பேர் அதை 20ஆம் தேதிக் கெடு என்று எடுத்துக்கொள்வார்கள்.

வேலாயுதம் எழுதியது:

‘வழங்கல் நாள்’ என்று பிரித்து எழுதப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நல் + நாள் நன்னாள். வழங்கல் + நாள் என்றாலோ நகரம் திரிந்தபின் லகரமும் கெட்டு ‘வழங்கனாள்’. அச்சிடத் துணிவு உண்டா?

பிலோமினா எழுதியது:

அதற்குத்தான் ‘அளிப்பு நாள்’ என்றேன். புணர்ச்சித் தொல்லையே இல்லை. அதோடு ‘வழங்குநாள்’ என்று வினைத்தொகை போட்டால் அன்றைக்கு வழங்கினார்கள் என்றுதானே வாசிப்பார்கள், மண்டபக்காரர் மறுபடி கல்யாண நாளுக்கே போய்விடுவார். என் கணக்கில் ‘அளிப்பு’க்கும் அந்த ஆபத்து கொஞ்சம் இருக்கிறது, மறைக்கவில்லை.

மீனாட்சி எழுதியது:

வியாழன் இரவு ஆகிவிட்டது. கையேடு முழுக்க ‘வழங்கல்’ என்றே ஓடுகிறது, இப்போது ‘அளிப்பு’ என்று மாற்றினால் நூற்றுக்கும் மேற்பட்ட இடம். ‘வழங்கல் நாள்’ என்று இடைவெளி விட்டுப் போடுகிறேன், வேலாயுதம் ஐயா மன்னிக்கவும். முதலில் வரும் இடத்தில் “இது சேவை நடக்கும் நாள் அல்ல, வரிக்காகச் சட்டம் கணக்கில் எடுக்கும் நாள்” என்று ஒரு வரி சேர்த்து, கீழே அந்த 59,000 கணக்கு. மண்டபக்காரரிடம் மறுபடி படித்துக் காட்டினேன். “அப்ப ஜூலைலயே 9,000 போயிடுமா” என்று முகம் சுளித்தார். புரிந்துவிட்டது.

வேலாயுதம் எழுதியது:

போடுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். வழங்குபொழுது.

ஹக்கீம் எழுதியது:

ஒரு சின்ன சந்தேகம். சில பேர் அவர்களே தகடு வாங்கிக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள், நான் கூலி மட்டும் வாங்குவேன், அதிலும் பாதி முன்பணம். அதுவும் பீரோதானே?

சுந்தரேசன் எழுதியது:

பாய், அடுத்தவர் பொருளில் வேலை செய்து கொடுப்பது சேவை. அந்த முன்பணத்துக்கு வரி உண்டு.

ஹக்கீம் எழுதியது:

மார்ச்சிலிருந்து அப்படி மூன்று ஆர்டர் கிடக்கிறது. நாளைக்குக் காலையில் போன் செய்யலாமா?