லிட்டருக்கு 0.3 மி.லி. என்றால் ஏக்கருக்கு எவ்வளவு? கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். நெல்லில் குருத்துப்பூச்சிக்கு குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி அடிக்கப் போகிறேன். அளவு லிட்டர் தண்ணீருக்கு 0.3 மி.லி. அப்படியானால் 16 லிட்டர் டேங்குக்கு 4.8 மி.லி. இதுவரை குழப்பமில்லை.

ஆனால் லேபிளில் ஹெக்டேருக்கு 150 மி.லி. மருந்து, 500 லிட்டர் தண்ணீர் என்றும் இருக்கிறது. ஏக்கருக்குப் பார்த்தால் 60 மி.லி., 200 லிட்டர். அதாவது பன்னிரண்டரை டேங்க். வெறும் தண்ணீர் ஊற்றி வழக்கமான நடையில் 10 சென்ட் அடித்துப் பார்த்தேன், 13 லிட்டர்தான் இறங்கியது. அப்போ ஏக்கருக்கு 130 லிட்டர், எட்டு டேங்குக்குக் கொஞ்சம் மேல். டேங்குக்கு 4.8 வீதம் கலந்தால் ஏக்கருக்கு 39 மி.லி.தான் போகும். மூன்றில் ஒரு பங்கு குறைவு, புழு தப்பிவிடும்.

60 மி.லி.யை 130 லிட்டரில் கலந்தால் டேங்குக்கு 7.4 மி.லி. வருகிறது. இப்படிக் கெட்டியாக அடிக்கலாமா? இல்லை, நாசிலை மாற்றி, நடையைக் குறைத்து 200 லிட்டருக்கே கொண்டுவருவதுதான் சரியா? தூர் வரை நனைய வேண்டும் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. பேட்டரி ஸ்பிரேயரில் அடிப்பவர்கள், ஏக்கருக்கு உங்களுக்கு எத்தனை டேங்க் ஆகிறது, எந்த நாசில் என்று சொல்லுங்கள்.